எட்டால் வகுபடாத அறுபத்து மூன்று

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலை அமர்வில் உங்களில் சிலர் ஏறத்தாழ ஒரே புகாரைச் சொன்னீர்கள். பழைய கணினியில் வன்தட்டு போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினோம், பழைய தட்டில் இருந்ததை அப்படியே இதில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள், ஆனால் கணினி முன்பைவிட மெதுவாக ஓடுகிறது என்றீர்கள். இன்னொருவர் வேறு விதமாகச் சொன்னார். யுஎஸ்பி பெட்டி பழுதாகிவிட்டதால் அதிலிருந்த தட்டைக் கழற்றி மேசைக் கணினியில் நேரடியாக இணைத்தாராம். உள்ளே இருந்த மாணவர் பதிவுகள் எதுவும் தெரியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்கிறது என்றார்.

இரண்டும் வேறு வேறு பழுதுகள் போலத் தெரியும். உண்மையில் இரண்டிலும் தட்டு பழுதாகவில்லை, கணினியும் பழுதாகவில்லை. தட்டில் உள்ள இடங்களை எண்ணும் முறை ஒரு கட்டத்தில் மாறியது. பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே கணினியில் சந்திக்கும்போது வரும் சிக்கல்கள்தாம் இவை. அதை மட்டும் இந்த அமர்வில் எடுத்துக்கொள்வோம். இதற்குத் தேவைப்படுகிற கணிதம் ஆறாம் வகுப்பில் நாம் நடத்துகிற வகுத்தல், மீதி அவ்வளவுதான்.

முதலில் செக்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வன்தட்டின் உள்ளே சுழலும் வட்டின் மீது தரவு வளையம் வளையமாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வளையமும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டுதான் செக்டர். தட்டு ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அல்லது எழுதக்கூடிய மிகச் சிறிய அளவு அது. ஒவ்வொரு செக்டருக்கும் 0, 1, 2 என்று வரிசை எண் உண்டு. கணினி தட்டிடம் "63ஆம் செக்டரைக் கொடு" என்றுதான் கேட்கும். கோப்பின் பெயர், மாணவர் பெயர் எதுவும் தட்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே.

1980களின் தொடக்கத்தில் தனிநபர் கணினி வந்த காலத்திலிருந்து ஒரு செக்டர் என்றால் 512 பைட். சுமார் முப்பது ஆண்டுகள் இது மாறவே இல்லை. எனவே பயாஸ், விண்டோஸ், நகல் எடுக்கும் மென்பொருள் என எல்லாமே 512 என்பதை மாறாத உண்மையாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டன.

ஆனால் தட்டு தயாரிப்பவர்களுக்கு 512 சிரமம் கொடுத்தது. ஒவ்வொரு செக்டருக்கும் தரவைத் தவிர வேறு சில பகுதிகளும் வேண்டும். முன்னால் ஓர் இடைவெளி, "செக்டர் இங்கே தொடங்குகிறது" என்ற அடையாளம், கடைசியில் பிழை திருத்தக் குறியீடு. முதல் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 பைட், பிழை திருத்தத்துக்கு 50 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 512 பைட் தரவுக்கு 65 பைட் உபரி. எட்டு செக்டர்களுக்கு 520 பைட். அந்த எட்டையும் ஒன்றாக்கி 4096 பைட் கொண்ட ஒரே பெரிய செக்டராக்கினால், இடைவெளியும் அடையாளமும் ஒரு முறைதான் வேண்டும். பிழை திருத்தக் குறியீட்டை இரட்டிப்பாக்கி 100 பைட் கொடுத்தாலும் மொத்த உபரி 115 பைட்தான். வட்டில் பயனுள்ள இடம் 88 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாகிறது. நீளமான குறியீடு என்பதால் வட்டில் சற்றுப் பெரிய கீறல் விழுந்தாலும் திருத்த முடிகிறது.

இந்தப் புதிய வகைக்கு அட்வான்ஸ்டு ஃபார்மேட் என்று பெயர். 2009 இறுதியில் கடைகளுக்கு வரத் தொடங்கியது. 2011 ஜனவரி முதல் மேசைக் கணினி, மடிக்கணினிகளுக்கான புதிய தட்டுகளை இந்த வகையிலேயே தருவதாகத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. அதனால் இன்று நீங்கள் கடையில் வாங்கும் வன்தட்டு பெரும்பாலும் 4096 பைட் செக்டர் உள்ளதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் 512 மட்டுமே தெரிந்த பழைய கணினிகள் இதை எப்படிப் பயன்படுத்துகின்றன? தட்டு ஒரு வேடம் போடுகிறது. உள்ளே 4096ஆக எழுதிக்கொண்டு, வெளியே 512ஆகவே காட்டிக்கொள்கிறது. கணினி 63ஆம் செக்டரைக் கேட்டால், தட்டு தன் உள்ளிருக்கும் பெரிய செக்டரைப் படித்து, அதில் எட்டில் ஒரு பங்கை வெட்டிக் கொடுக்கும். படிப்பதில் தொல்லை இல்லை. எழுதும்போதுதான் சிக்கல்.

ஒரு குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு எட்டு வரி. இந்தக் குறிப்பேட்டில் ஒரு விதி உண்டு. தனி வரியை அழித்துத் திருத்தக் கூடாது, பக்கம் முழுவதையும் புதிதாகத்தான் எழுத வேண்டும். எட்டு வரியும் புதிதாக உங்கள் கையில் இருந்தால் நேராக எழுதிவிடலாம். ஒரு வரி மட்டும் மாற வேண்டும் என்றால், முதலில் பழைய பக்கத்தைப் படித்து, மற்ற ஏழு வரிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, எட்டையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். புதிய வன்தட்டின் நிலை இதுவே. கணினி பார்க்கும் 512 பைட் செக்டர்தான் வரி, உள்ளே இருக்கும் 4096 பைட் செக்டர்தான் பக்கம்.

நல்ல வேளையாக, விண்டோஸ் சாதாரணமாக வரி வரியாக எழுதுவதில்லை. என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையில் இடம் 4096 பைட் கொண்ட கட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அதாவது எப்போதும் எட்டு வரிகளாகத்தான் எழுதும். அந்த எட்டு வரியும் ஒரே பக்கத்துக்குள் விழுந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. விழுகிறதா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது பார்ட்டிஷன் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது.

தலைப்பில் உள்ள அறுபத்து மூன்று இங்கேதான் வருகிறது. பழைய பயாஸ் ஒரு வளையத்தில் எத்தனையாவது செக்டர் என்பதைக் குறிக்க ஆறு பிட் இடம் வைத்திருந்தது. எண்ணிக்கை 1இல் தொடங்கும், ஆகவே அதிகபட்சம் 63. வளையத்துக்கு 63 செக்டர் என்றே கணினிகள் பாவித்துக்கொண்டன. முதல் வளையத்தின் முதல் செக்டரில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும், அந்த வளையத்தின் மீதி காலியாக விடப்படும், முதல் பார்ட்டிஷன் இரண்டாம் வளையத்தில் தொடங்கும். 0இலிருந்து எண்ணினால் இரண்டாம் வளையத்தின் முதல் செக்டர் 63ஆம் எண். விண்டோஸ் எக்ஸ்பி வரை எல்லாப் பதிப்புகளும் 63இல்தான் தொடங்கின. உண்மையான தட்டுகளில் வளையத்துக்கு 63 செக்டர் என்ற கணக்கு எப்போதோ வழக்கொழிந்து போனது. பாவனை மட்டும் தங்கிவிட்டது.

63ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 7. குறிப்பேட்டில் பார்ப்போம். பக்கங்களையும் 0இலிருந்து எண்ணினால், 7ஆம் பக்கத்தில் 56 முதல் 63 வரையான வரிகள், 8ஆம் பக்கத்தில் 64 முதல் 71 வரையான வரிகள். விண்டோஸின் முதல் கட்டு 63 முதல் 70 வரை. அதன் முதல் வரி 7ஆம் பக்கத்தின் கடைசி வரி. மற்ற ஏழு வரிகள் 8ஆம் பக்கத்தில். ஆக, ஒரே பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு பக்கங்களுக்குப் பரவுகிறது. இரண்டு பக்கமும் அரைகுறையாக மாறுவதால், இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். அடுத்த கட்டு 71இல் தொடங்கும், அதற்கும் இதே கதி. தட்டின் கடைசி வரைக்கும் ஒரு கட்டுகூடத் தப்பாது.

இதனால் எவ்வளவு நேரம் வீணாகும்? படித்த இடத்திலேயே திரும்ப எழுத வேண்டுமென்றால், அந்த இடம் சுழன்று மறுபடி முள்ளின் கீழ் வர வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. 7200 சுற்று என்றால் 8 மில்லி நொடிக்குச் சற்று அதிகம். கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருக்கும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போதும், மென்பொருள் நிறுவும்போதும், வைரஸ் தடுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் சின்னச் சின்ன எழுத்துகள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. ஆயிரம் எழுத்துக்கு ஆளுக்கு ஒரு வீண் சுற்று என்றால் 11 நொடி போய்விடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக எழுதும்போது இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. தட்டு தன் சொந்த நினைவகத்தில் வரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முழுப் பக்கங்களாக எழுதிவிடும். தொடக்கப் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டுமே அரைகுறையாக இருக்கும். பழுது பார்க்க வருபவர் ஒரு திரைப்படக் கோப்பை நகல் எடுத்துக் காட்டி, "பாருங்கள் சார், வேகம் நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் செய்த சோதனையில் இந்தக் குறை அகப்படாது. நானூறு மாணவர்களின் புகைப்படங்கள் உள்ள கோப்புறையை நகல் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

நான் நேரில் பார்த்த ஒரு பள்ளி அலுவலகக் கணினியின் வரலாற்றைச் சொல்கிறேன். அதில் முதலில் 80 ஜிபி தட்டும் விண்டோஸ் எக்ஸ்பியும் இருந்தன. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபின், அதே தட்டில், அதே பார்ட்டிஷனில் விண்டோஸ் 7 நிறுவினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தட்டில் சத்தம் வரத் தொடங்கியதும் 500 ஜிபி புதிய தட்டு வாங்கி, செக்டருக்குச் செக்டர் நகல் எடுத்தார்கள். அலுவலக உதவியாளர் அதற்கு அடுத்த வாரமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மாற்றுச் சான்றிதழ் ஒன்றைச் சேமிக்கக்கூடக் கணினி யோசிக்கிறது என்றார். வைரஸ் என்றார்கள், நினைவகம் போதவில்லை என்றார்கள், தட்டே போலி என்றும் ஒருவர் சொன்னார்.

விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு புதிதாக உருவாக்கும் பார்ட்டிஷன் 63இல் தொடங்குவதில்லை, 2048இல் தொடங்கும். 2048ஐ 8ஆல் வகுத்தால் 256, மீதி இல்லை. அப்படியிருக்க, விண்டோஸ் 7 உள்ள கணினியில் இந்தக் குறை எப்படி வந்தது? அங்கே பார்ட்டிஷனை உருவாக்கியது விண்டோஸ் 7 அல்ல, எக்ஸ்பி. ஏற்கெனவே இருந்த பார்ட்டிஷனில் விண்டோஸ் 7 குடியேறியது, அவ்வளவுதான். நகல் எடுத்த மென்பொருளும் 63இல் இருந்ததை 63இலேயே வைத்தது. பழைய தட்டில் 512 உண்மையான 512 என்பதால் 63ஆல் எந்தக் கெடுதலும் இல்லை. அதே எண் புதிய தட்டுக்கு வந்ததும் கெடுதலாயிற்று. உங்கள் கணினியில் இன்று விண்டோஸ் 10 இருந்தாலும், அதன் வழித்தடத்தில் எங்காவது எக்ஸ்பி இருந்திருந்தால் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதிப்பது எளிது. ஸ்டார்ட் பட்டியலில் `msinfo32` என்று தட்டச்சு செய்து திறங்கள். இடப்பக்கத்தில் `Components`, அதற்குள் `Storage`, அதற்குள் `Disks`. வலப்பக்கத்தில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் `Partition Starting Offset` என்று ஓர் எண் இருக்கும். அது பைட் கணக்கில் இருக்கும். அதை 4096ஆல் வகுக்க வேண்டும். அந்த அலுவலகக் கணினியில் இருந்த எண் 32,256. அதாவது 63 × 512. அதை 4096ஆல் வகுத்தால் 7.875 வருகிறது. தசமம் வந்தாலே பக்கத்தின் நடுவில் தொடங்குகிறது என்று பொருள். சரியான கணினியில் பெரும்பாலும் 1,048,576 என்று பார்ப்பீர்கள். வகுத்தால் சரியாக 256. ஒரு தட்டில் இரண்டு மூன்று பார்ட்டிஷன் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறாக இருப்பதும் உண்டு.

தட்டு புதிய வகையா பழைய வகையா என்பதை அறிய, கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து இதைக் கொடுங்கள்.

```
fsutil fsinfo ntfsinfo C:
```

வரும் பட்டியலில் `Bytes Per Sector` என்பது வெளிவேடம், `Bytes Per Physical Sector` என்பது உள்ளே இருப்பது. முதலாவது 512, இரண்டாவது 4096 என்று இருந்தால் நாம் இதுவரை பேசிய தட்டு. இரண்டும் 512 என்றால் பழைய வகை. பாஸ் லினக்ஸ் அல்லது உபுண்டு உள்ள கணினியில் `sudo fdisk -l` கொடுத்தால் இரண்டு எண்ணும் ஒரே வரியில் வரும், பார்ட்டிஷன் தொடங்கும் எண்ணும் கீழேயே வந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். தொடக்க காலத் தட்டுகளில் சில, கேட்டால்கூட உள்ளே 4096 என்று ஒப்புக்கொள்ளாது. உள்ளேயும் 512 என்றே பதில் சொல்லும். அதனால் கணினி சொல்வதோடு நிற்காமல் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளையும் பாருங்கள். அட்வான்ஸ்டு ஃபார்மேட் என்று அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள். சந்தேகம் இருந்தால் 4096 என்றே வைத்துக்கொள்ளலாம். 2048இல் தொடங்கும் பார்ட்டிஷன் பழைய தட்டிலும் சிறிதும் குறையின்றி ஓடும், நட்டம் ஒன்றும் இல்லை.

இனி இதைச் சரிசெய்வது. தட்டு இன்னும் வாங்கவில்லை, அல்லது நகல் எடுக்கவில்லை என்றால் வேலை எளிது. புதிய தட்டில் விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் நிறுவல் வட்டு மூலம் புதிதாகப் பார்ட்டிஷன் உருவாக்கி, நிறுவி, பழைய தட்டிலிருந்து கோப்புகளை மட்டும் நகல் எடுங்கள். கோப்புகள் எண்ணைச் சுமந்துகொண்டு வருவதில்லை. ஏதோ ஒரு பழைய மென்பொருளுக்காக எக்ஸ்பியே வேண்டும் என்ற நிலை இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. அங்கே முதலில் புதிய பதிப்பின் வட்டைக் கொண்டோ லினக்ஸ் கொண்டோ பார்ட்டிஷனை உருவாக்கிவிட்டு, பிறகு எக்ஸ்பியை அதில் நிறுவலாம். நிறுவும்போது அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடாமல் அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும். அழித்தால் எக்ஸ்பி மறுபடியும் 63இல் புதிதாக ஒன்று உருவாக்கும்.

நகல் எடுத்து ஓடிக்கொண்டிருக்கும் கணினி என்றால், பார்ட்டிஷனையே நகர்த்த வேண்டும். லினக்ஸ் நேரடி வட்டில் வரும் ஜிபார்ட்டெட் இதைச் செய்யும். அதில் `Resize/Move` தேர்ந்தெடுத்து, முன்னால் 1 எம்ஐபி காலியிடம் விட்டு, `Align to` என்ற இடத்தில் `MiB` வைக்க வேண்டும். உள்ளடக்கம் முழுவதையும் அந்த மென்பொருள் சிறிது தூரம் தள்ளி எழுதும் என்பதால் மணிக்கணக்கில் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். அதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளை வேறொரு தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். நகர்த்தியபின் விண்டோஸ் தொடங்க மறுத்தால் பதற வேண்டாம். நிறுவல் வட்டில் உள்ள `Startup Repair` பெரும்பாலும் சரிசெய்துவிடும். நான் சொன்ன அலுவலகத்தில் இரண்டாவது வழியைத்தான் கையாண்டோம், சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது. அதன்பின் எண் 1,048,576 ஆயிற்று. சான்றிதழைச் சேமிக்கும்போது யோசிப்பது நின்றது.

வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2009-2010இல் விற்ற முதல் தட்டுகளில் வேறொரு வழி இருந்தது. தட்டின் பின்புறம் 7, 8 என்ற இரண்டு ஊசிகளை ஒரு ஜம்பரால் இணைத்தால், தட்டு எல்லா எண்களோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கணினி 63 என்று கேட்டால் தட்டு 64ஐக் கொடுக்கும். 64 எட்டால் வகுபடும் என்பதால் எக்ஸ்பி சரியாக ஓடியது. சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் எனக்கு உவப்பில்லை. ஒரே பார்ட்டிஷன் இருந்தால்தான் அது உதவும். 2048இல் சரியாகத் தொடங்கியதைக்கூட 2049 ஆக்கிக் கெடுத்துவிடும். விஷயம் தெரியாத யாராவது பின்னாளில் அந்த ஜம்பரைக் கழற்றினால், எல்லா எண்களும் ஒன்று விலகி, தட்டு காலியாகிவிட்டது போலத் தெரியும். உங்கள் ஆய்வகத்தின் பழைய தட்டில் அப்படி ஒரு ஜம்பர் இருந்தால், உள்ளிருக்கும் கோப்புகளை எடுக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

இந்த இடத்தில் இரட்டைத் தட்டு வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒரு சொல். சர்வரில் ஒன்றின் பிரதியாக மற்றொன்று இயங்கும் ஏற்பாட்டில், ஒரு பழைய தட்டு போய், அதற்குப் பதில் புதியதைப் போடும்போதும் இதே கணக்குதான். இரண்டிலும் எழுதி முடித்தால்தான் வேலை முடிந்தது என்பதால், புதிய தட்டு திணறினால் பழையதும் காத்திருக்கும். புதியதைப் போட்டபிறகு மந்தமானால் பார்ட்டிஷன் எண்ணைப் பாருங்கள். வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். வேடமே போடாத, வெளியேயும் 4096 என்றே சொல்லும் தட்டுகள் உண்டு. அவற்றை நான்கு கே நேட்டிவ் என்பார்கள். விண்டோஸ் 8க்கு முந்தைய பதிப்புகளுக்கு அவை ஆகாது, பழைய தட்டோடு ஜோடி சேர்க்கவும் ஏற்றவை அல்ல. பட்டியலில் அந்தச் சொல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது யுஎஸ்பி பெட்டிக்கு வருவோம். மந்தமாக ஓடும் கணினியால் நேரம்தான் போகும். இங்கே தரவே போய்விடும் அபாயம் இருக்கிறது, அதுவும் நம் கையாலேயே.

பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணை எழுத 32 பிட் இடம்தான் உண்டு. 512 பைட் கணக்கில் அதைக் கொண்டு சுமார் 2.2 டிபி வரைதான் எட்ட முடியும். 3 டிபி தட்டு வந்தபோது எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு அதை எப்படி விற்பது? சில யுஎஸ்பி பெட்டிகளில் ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்கள். உள்ளே இருக்கும் தட்டு வெளியில் 512 என்று சொன்னாலும், பெட்டியில் உள்ள சிறு மின்சுற்று அதைக் கணினியிடம் 4096 என்று மாற்றிச் சொல்லும். ஒவ்வோர் எண்ணும் எட்டு மடங்கு இடத்தைக் குறிப்பதால் அதே 32 பிட்டில் 17 டிபி வரை எட்டலாம். ஆக ஒரே தட்டில் மூன்று நிலைகள். வட்டில் 4096, தட்டின் வாயில் 512, பெட்டியின் வாயில் மறுபடியும் 4096.

பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லாம் சரி. பெட்டி பழுதாகித் தட்டை மட்டும் கழற்றி நேரடியாக இணைத்தால், மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் இல்லாமல் போகிறார். பார்ட்டிஷன் அட்டவணை 0ஆம் செக்டரில் இருப்பதால் எந்தக் கணக்கிலும் அது கண்ணில் படும். அதில் "பார்ட்டிஷன் 256இல் தொடங்குகிறது" என்று எழுதியிருக்கும். எழுதியபோது அதன் பொருள் 256 × 4096, அதாவது 1,048,576ஆம் பைட். இப்போது கணினி 256 × 512 என்று புரிந்துகொண்டு 1,31,072ஆம் பைட்டில் போய்த் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. கோப்பு முறையே இல்லை என்று முடிவு கட்டி, `You need to format the disk in drive F: before you can use it` என்று பெட்டி காட்டுகிறது. அதில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டால், பழைய தரவின் மேல் புதிய கோப்பு முறையை எழுதத் தொடங்கிவிடும். `Cancel` மட்டும் அழுத்துங்கள். பலர் பதற்றத்தில் `chkdsk` ஓட்டிப் பார்ப்பார்கள், அதுவும் வேண்டாம்.

தட்டு உண்மையிலேயே கெட்டுவிட்டதா, இந்தக் கணக்குக் குழப்பமா என்று எப்படிக் கண்டுகொள்வது? `Disk Management` திறந்து பார்ட்டிஷனின் அளவைப் பாருங்கள். தட்டின் மொத்த அளவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு என்று காட்டினால் இந்தக் குழப்பம்தான். 3 டிபி தட்டில் 512 பைட் கணக்கில் 586,05,33,168 செக்டர்கள். பெட்டி அதை எட்டால் வகுத்து 73,25,66,646 என்று கணினிக்குச் சொல்லியிருக்கும், பார்ட்டிஷன் அட்டவணையிலும் ஏறக்குறைய அந்த எண்ணே பதிவாகியிருக்கும். இப்போது அதே எண்ணை 512 பைட் செக்டர்களாக எண்ணும்போது, 2794 ஜிபி என்று காட்டும் தட்டில் 349 ஜிபி மட்டும் ஒரு பார்ட்டிஷனாகவும் அதன் வகை `RAW` என்றும் தெரியும். மீதி எல்லாம் காலியாகத் தோன்றும். வேறு காரணத்தால் கெட்ட தட்டில் இவ்வளவு துல்லியமாக எட்டில் ஒரு பங்கு வருவது அரிது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். கணினியில் நேரடியாக ஃபார்மேட் செய்த தட்டை இப்படிப்பட்ட பெட்டியில் போட்டாலும் திறக்காது. அதைக் கழற்றி நேரடியாக இணைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

மீட்க இரண்டு வழிகள். அதே நிறுவனத்தின் அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று கிடைத்தால், அதில் தட்டைப் பொருத்தி இணைத்துப் பாருங்கள். திறந்துவிட்டால் வேறு தட்டுக்குக் கோப்புகளை நகல் எடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் லினக்ஸில், "இந்தத் தட்டை 4096 கணக்கில் படி" என்று நாமே சொல்லலாம். தட்டின் பெயர் `/dev/sdb` என்று `lsblk` காட்டுவதாக வைத்துக்கொண்டால்:

```
sudo losetup -r -b 4096 -P -f --show /dev/sdb
sudo mount -o ro /dev/loop0p1 /mnt
```

முதல் வரியில் `-b 4096` என்பதுதான் பெட்டி செய்துவந்த மொழிபெயர்ப்பு. `-r` என்பது படிக்க மட்டுமே, எழுதக் கூடாது என்பதற்கு. அதைத் தவறியும் விட்டுவிடாதீர்கள். அந்த வரி ஒரு பெயரைத் திருப்பிச் சொல்லும். அது `/dev/loop0` ஆக இல்லாமல் `/dev/loop5` என்று இருந்தால், இரண்டாம் வரியில் அதற்கேற்ப `/dev/loop5p1` என்று மாற்றிக்கொள்ள வேண்டும். `/mnt` கோப்புறையைத் திறந்தால் பழைய கோப்புகள் தெரியும். பழைய லினக்ஸ் பதிப்புகளில் `-b` என்பதை losetup ஏற்காது, சமீபத்திய உபுண்டு நேரடி வட்டைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் இன்னொரு தட்டுக்கு எடுத்து, நான்கைந்து கோப்புகளை அங்கே திறந்து சரிபார்த்தபிறகுதான், இந்தத் தட்டைப் புதிதாகப் பார்ட்டிஷன் செய்ய வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட தட்டு என்பதால் அப்போது ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு 32 பிட் வரம்பு கிடையாது.

காலையில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியர் தட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறார். இன்னும் `Cancel` மட்டும்தான் அழுத்தியிருக்கிறேன் என்றார். இடைவேளைக்குப் பிறகு அதை இணைத்து, முதலில் பார்ட்டிஷனின் அளவைப் பார்ப்போம். எட்டில் ஒரு பங்காக இருந்தால் மேலே சொன்ன இரண்டு வரிகளை இங்கேயே ஓட்டலாம். மற்றவர்கள் அதற்குள் தங்கள் முன்னால் உள்ள கணினியில் `msinfo32` திறந்து, தொடக்க எண்ணை எழுதி, 4096ஆல் வகுத்து வையுங்கள்.